வீடு தள்ளிப்போகிறது: அந்தச் சேதியைக் குரலில் சொல்லும் முறை

வேலை சொன்ன தேதிக்கு முடியாது என்பதை வாடிக்கையாளருக்குக் குரல் செய்தியாக அனுப்புவது இப்போது பல தொழில்களில் வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் இது அதிகம் நடக்கும் இடம் வீட்டு வேலை. காண்ட்ராக்டர் நாள் முழுக்கச் சாரத்திலும் மணல் லாரிக்குப் பக்கத்திலும் நிற்கிறார். வீட்டு உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார். ஒருவருக்கு ஓய்வான நேரம் மற்றவருக்கு வசதிப்படுவதில்லை. நீளமாகத் தட்டச்சு செய்யக் காண்ட்ராக்டருக்குப் பழக்கமில்லை, பொறுமையும் இல்லை. எனவே கட்டைவிரலை மைக் மேல் அழுத்திப் பேசி அனுப்பிவிடுகிறார். 2013-இல் வாட்ஸ்அப்பில் வந்த இந்த வசதியில்தான் இன்று செங்கல் கணக்கு முதல் சண்டை வரை எல்லாம் நடக்கிறது.

கெட்ட சேதியைக் குரலில் சொல்வதில் ஒரு லாபம் உண்டு. "தாமதமாகும்" என்று எழுத்தில் வந்தால் அலட்சியமாகத் தோன்றும் வரி, குரலில் வரும்போது வருத்தத்தோடு சொல்லப்பட்டதாகக் கேட்கும். நட்டமும் உண்டு. எழுத்தைக் கண்ணால் ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்து, தேதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கலாம். குரலில் அது முடியாது. பேசுபவர் எந்த வரிசையில் சொல்கிறாரோ அந்த வரிசையில்தான் கேட்பவர் கேட்டாக வேண்டும். மூன்று நிமிடச் செய்தியில் இரண்டரை நிமிடம் கழித்துத் தேதி வந்தால், அந்த இரண்டரை நிமிடமும் கேட்பவர் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருப்பார். ஆகவே குரல் செய்தியில் எதை முதலில் சொல்வது என்பதே பாதி வேலை.

மன்னார்குடியில் கட்டப்படும் ஒரு மாடி வீட்டைக் கற்பனையான எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஒப்பந்தப்படி ஜனவரி 12-ஆம் தேதி வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஜனவரி 30-இல், தை மூன்றாவது வாரத்தில், புதுமனை புகுவிழாவுக்கு நாள் பார்த்தாயிற்று. கீழ்த்தளத்தின் கூரை ஆகஸ்ட்டிலேயே போடப்பட்டுவிட்டது. மாடிக் கூரையை அக்டோபர் 14-இல் போடுவதாகத் திட்டம். நடந்ததோ நவம்பர் 12-இல். இருபத்தொன்பது நாள் தாமதம்.

இந்த இருபத்தொன்பது நாளைப் பிரித்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெரியும். மழையில் 12 நாள் போனது. சென்ட்ரிங் வேலைக்காரர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் தாமதமாகத் திரும்பியதில் 10 நாள் போனது. உரிமையாளர் நடுவில் ஒரு பால்கனி சேர்க்கச் சொன்னதால் வரைபடத்தையும் கம்பி வேலையையும் மாற்றியதில் 7 நாள் போனது. காண்ட்ராக்டர் பேச உட்காரும் முன் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொள்வது அவசியம். எழுதாதவர்கள் எல்லாப் பழியையும் மழையின் மேல் போடுவார்கள். ஐப்பசியில் மழை பெய்யும் என்பது டெல்டாக்காரர்களுக்குப் புதிய தகவல் அல்ல. உரிமையாளருக்கும் அது தெரியும்.

அடுத்து வருவது புதிய தேதி. அக்டோபர் 14-இலிருந்து ஜனவரி 12 வரை 90 நாள். அதே வேகத்தில் போனால் நவம்பர் 12-இலிருந்து 90-ஆவது நாள் பிப்ரவரி 10. பலர் இந்தத் தேதியைச் சொல்லிவிடுவார்கள். அது தவறான தேதி. பழைய திட்டத்தில் பொங்கலுக்கு முன்பே வேலை முடிந்திருக்கும். புதிய திட்டத்தில் பொங்கல் வேலைக்கு நடுவில் வருகிறது. கொத்தனாரும் சித்தாளும் ஊருக்குப் போனால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் திரும்ப மாட்டார்கள். அதோடு ஈரக் காலத்தில் பூசிய சுவர் காயத் தாமதமாகும். காயாத சுவரில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் அது உப்பிக்கொண்டு உரியும். இவை இரண்டுக்கும் இடம் விட்டால் பிப்ரவரி 28 வருகிறது. நான்கு வாரத் தாமதம் கூரையில் தொடங்கி, ஒப்படைக்கும்போது ஏழு வாரமாக வளர்ந்துவிடுகிறது. இப்படி வளர்வதைக் கணக்கில் சேர்க்காமல் தேதி சொன்னவர் ஜனவரி கடைசியில் இன்னொரு குரல் செய்தி அனுப்ப வேண்டியிருக்கும்.

சில நாள்களைக் குறைக்கவே முடியாது என்பதும் உரிமையாளருக்குத் தெரிய வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் போட்ட கூரைப் பலகைக்கு அடியிலுள்ள முட்டுகளைக் கழற்றக் குறைந்தபட்ச நாள்களைச் சொல்கிறது. தாங்கல்களுக்கு இடையிலான நீளம் நாலரை மீட்டர் வரை இருந்தால் 7 நாள். அதைத் தாண்டினால் 14 நாள். இந்த வீட்டின் ஹால் 16 அடி அகலம், அதாவது ஏறத்தாழ 4.9 மீட்டர். ஆக நவம்பர் 26-க்கு முன் முட்டைக் கழற்ற முடியாது. கலப்பு சிமெண்டாக இருந்தால் இன்னும் தள்ளியே கழற்ற வேண்டியிருக்கும். "ஆள் கூட்டிப் போட்டு முடியுங்கள், பணம் தருகிறேன்" என்று உரிமையாளர் கேட்பார். பூச்சுக்கு ஆள் கூட்டலாம். கான்கிரீட் இறுகுவதற்கு ஆள் கூட்ட முடியாது. இதை ஒரே வரியில் சொல்லத் தெரிந்திருப்பது காண்ட்ராக்டருக்குப் பெரிய உதவி.

இனி உரிமையாளரின் நாள்காட்டி. காண்ட்ராக்டர் தன் கணக்கில் ஏழு வாரத் தாமதம் என்று நினைக்கிறார். பிப்ரவரி 28 என்பது மாசி. தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் மாசியிலும் பங்குனியிலும் புதுவீடு புகுவதில்லை. தை தவறினால் அடுத்து சித்திரைதான், அதாவது ஏப்ரல் பாதிக்குப் பிறகு. ஏழு வாரம் அந்தக் குடும்பத்துக்கு இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. விடுப்பும் விமான டிக்கெட்டும் ஜனவரி கடைசிக்குப் போட்டாயிற்று. பெற்றோர் இருக்கும் வாடகை வீட்டுக்கு இன்னும் சில மாத வாடகை கட்ட வேண்டும். வங்கிக் கடனைக் கட்டங்கட்டமாகப் பெற்றிருந்தால், முழுத் தவணை தொடங்கும்வரை வாங்கிய தொகைக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தாமதச் சேதிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறுகின்றன. வேலை எவ்வளவு தள்ளிப்போனது என்று மட்டும் சொல்கின்றன. அதனால் கேட்பவரின் வாழ்க்கையில் எது தள்ளிப்போனது என்பது தனக்குத் தெரியும் என்று காட்டுவதில்லை. மரியாதை என்று நாம் சொல்வது "சார்" என்ற சொல்லில் மட்டும் இல்லை. கேட்பவரின் நட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுவதும் மரியாதைதான்.

எப்போது சொல்வது என்பதில் மனித இயல்பு குறுக்கே நிற்கிறது. கெட்ட சேதியைச் சொல்ல வேண்டியவர் அதைத் தள்ளிப்போடுவதை 1970-இல் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெசர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து, அந்தத் தயக்கத்துக்கு 'மம் விளைவு' என்று பெயர் வைத்தார்கள். காண்ட்ராக்டர்களிடம் அது வேறு உருவம் எடுக்கிறது: "கூரையைப் போட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்." காரணம் நியாயமாகவே தோன்றும், ஏனென்றால் கூரை போடும்வரை புதிய தேதியை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அக்டோபர் கடைசியிலேயே ஜனவரி 12 நடக்காது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரு வாரத்தில் உரிமையாளர் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருக்கலாம், சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்திருக்கலாம்.

இதற்கு இரண்டு செய்தி அனுப்புவதுதான் வழி. முதலாவது அக்டோபர் கடைசியில், இருபது நொடியில்: "சார், மாடிக் கூரை தள்ளிப்போகுது. ஜனவரி 12 கஷ்டம்னு தோணுது. கூரை போட்ட ரெண்டு நாள்ல சரியான தேதி சொல்றேன். அதுவரைக்கும் பத்திரிகை அடிக்க வேண்டாம்." இதில் புதிய தேதி இல்லை. புதிய தேதி எப்போது தெரியும் என்பது இருக்கிறது. அதுவரை எதைச் செய்யக் கூடாது என்பதும் இருக்கிறது. இரண்டாவது செய்தி நவம்பர் 14-இல் போக வேண்டும்.

அந்த இரண்டாவது செய்தி வழக்கமாக எப்படி வரும் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். "சார் வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா, அங்க கிளைமேட் எல்லாம் எப்படி? இங்க சரியான மழை சார், விடவே மாட்டேங்குது. நம்ம வேலை சூப்பரா போய்ட்டிருக்கு, முந்தாநாள் ரூஃப் போட்டாச்சு, போட்டோ அனுப்புனேன் பார்த்தீங்களா? கம்பி எல்லாம் ஏ கிளாஸ் சார். இந்தச் சென்ட்ரிங் பசங்கதான் கொஞ்சம் இழுத்துட்டாங்க, இப்ப ஆளுங்களே கிடைக்கறதில்லை சார். அதனால கொஞ்சம் முன்னபின்ன ஆகும், நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க, பொங்கல் முடிஞ்சு பார்த்துக்கலாம், நான் இருக்கேன்ல சார்!"

இதில் பொய் என்று ஒரு வரியைச் சுட்டிக்காட்டுவது கடினம். ஆனாலும் கேட்டு முடித்தவருக்கு ஒன்றும் தெரியாது. "கொஞ்சம் முன்னபின்ன" என்பது நான்கு நாளா, நாற்பது நாளா? "பொங்கல் முடிஞ்சு" என்றால் ஜனவரி 18-ஆ, மார்ச் 18-ஆ? உரிமையாளர் தனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்வார்: ஒரு வாரம் தள்ளும், ஜனவரி 30 பத்திரமாக இருக்கிறது. காண்ட்ராக்டர் தான் சொல்லிவிட்டதாக நினைப்பார். ஜனவரியில் வெடிக்கும் சண்டைக்கு விதை இங்கேதான் விழுகிறது. "டென்ஷன் ஆகாதீங்க" என்ற ஆறுதலும் வேலை செய்வதில்லை. எதற்கு டென்ஷன் ஆகக் கூடாது என்றே இன்னும் சொல்லவில்லையே.

நல்லதை முதலில் சொல்லிக் கெட்டதைப் பின்னால் வைக்கும் இந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஆஞ்செலா லெக், கேட் ஸ்வீனி என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சேதி சொல்பவர்கள் நல்லதில் தொடங்கவும், கேட்பவர்களில் பெரும்பாலோர் கெட்டதை முதலில் கேட்கவும் விரும்பியது தெரிந்தது. நல்லதில் தொடங்குவது சொல்பவரின் படபடப்பைத் தணிக்கிறதே தவிர, கேட்பவருக்கு உதவுவதில்லை. குரல் செய்தியில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் கேட்பவரால் குறுக்கிட்டு "விஷயத்துக்கு வாங்க" என்று சொல்ல முடியாது.

அதே செய்தி ஒழுங்காகச் சொல்லப்பட்டால் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

"வணக்கம் சார். மன்னார்குடி வீட்டு வேலை விஷயமா பேசுறேன். ஒரு வருத்தமான சேதி சார். ஜனவரி 12-க்கு வீட்டை ஒப்படைக்க முடியாது. முழு வேலையும் முடிய பிப்ரவரி 28 ஆயிடும். தை முடிஞ்சு மாசி வந்துடும், உங்க விசேஷத்தை அது பாதிக்கும்னு எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கங்க.

மாடிக் கூரை அக்டோபர் 14 போட வேண்டியது, நவம்பர் 12-தான் போட முடிஞ்சுது. மழையில 12 நாள் போச்சு. சென்ட்ரிங் ஆளுங்க தீபாவளிக்குப் போய் லேட்டா வந்ததுல 10 நாள் போச்சு. அது என் பொறுப்பு சார், மாத்து ஆள் நான் முன்னாடியே பேசி வெச்சிருக்கணும். பால்கனி சேர்த்ததுல ஒரு வாரம். இப்ப பொங்கல் லீவும் வேலைக்கு நடுவுல வருது.

ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, ஜனவரி 30 விசேஷத்தை அப்படியே வெச்சுக்கலாம். கீழ்வீட்டு ஹால், சமையலறை, பூஜை ரூம், ஒரு பாத்ரூம் இது மட்டும் ஜனவரி 25-க்குள்ள முடிச்சுத் தர்றேன். மாடி வேலை அப்புறமும் ஒரு மாசம் நடக்கும். இல்லேன்னா எல்லாம் முடிச்சுட்டுச் சித்திரையில வெச்சுக்கலாம். வீட்ல பேசிட்டு நவம்பர் 20-க்குள்ள சொன்னீங்கன்னா போதும். தேதியெல்லாம் எழுதியும் அனுப்பறேன். நாளைக்கு நீங்க சொல்ற நேரத்துக்குக் கூப்பிடறேன் சார்."

நிதானமாகப் பேசினாலும் இது ஒன்றரை நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். இழந்த தேதியும் புதிய தேதியும் முதல் இருபது நொடிக்குள் வந்துவிடுகின்றன. அதற்கு முன் "வருத்தமான சேதி" என்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இதைச் சொல்லாமல் தேதியில் பாய்ந்தால் முரட்டுத்தனமாக இருக்கும். இதையே இழுத்துக்கொண்டிருந்தால் கேட்பவர் சாவுச் சேதியோ என்று பயந்துவிடுவார். ஒரு வாக்கியம் போதும்.

மன்னிப்பு ஒரே முறை வருகிறது, அதுவும் நட்டத்தைப் பெயர் சொல்லிய பிறகு வருகிறது. திரும்பத் திரும்ப "சாரி சார், சாரி சார்" என்றால், கோபப்பட வேண்டியவர் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். அது ஒருவகைத் தந்திரமாகவே கேட்கும்.

காரணங்களில் கவனிக்க வேண்டியது பத்து நாளைத் தன் பொறுப்பு என்று அவர் ஒப்புக்கொண்ட இடம். இதை ஒப்புக்கொண்டதால்தான் மழைக் கணக்கு நம்பும்படியாக ஆகிறது. பால்கனி விஷயம் இன்னும் நுட்பமானது. அது உரிமையாளர் கேட்டு வந்த மாற்றம். அதை மறைத்தால் காண்ட்ராக்டர் தேவையில்லாத பழியைச் சுமக்கிறார். "நீங்கதானே சார் கேட்டீங்க" என்றால் சண்டை தொடங்கிவிடும். "பால்கனி சேர்த்ததுல ஒரு வாரம்" என்று யார் என்பதைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்லும்போது விவரமும் போய்ச் சேர்கிறது, குத்தலும் இல்லை. உண்மையில் இதைச் சொல்ல வேண்டிய நாள் பால்கனி கேட்கப்பட்ட நாள்: "சேர்க்கலாம் சார், ஒரு வாரம் தள்ளும், பரவாயில்லையா?" அன்று சொல்லாமல் விட்டுவிட்டு நவம்பரில் முதல் முறையாக அந்த ஒரு வாரத்தைக் கணக்கில் காட்டும் காண்ட்ராக்டரிடம் உரிமையாளர் கோபப்பட்டால் அது நியாயம்தான்.

செய்தியின் கனமான பகுதி அந்த இரண்டு வழிகள். கீழ்த்தளக் கூரை ஆகஸ்ட்டிலேயே போட்டதால் அங்கே முட்டுகள் இல்லை. மாடியில் முட்டு நிற்கும் இரு வாரமும் கொத்தனார்களைக் கீழே இறக்கிப் பூச்சையும் டைல்ஸையும் முடிக்கலாம். விசேஷத்தைத் தையில் நடத்த வழி இருப்பது இதனால்தான். அதற்கு விலையும் உண்டு. கீழே டைல்ஸ் ஒட்டிய பிறகு மேலே வேலை நடப்பதால், தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிக் காக்க வேண்டும். விசேஷத்துக்கு வருபவர்கள் பூசாத மாடிப்படியைப் பார்ப்பார்கள். சில குடும்பங்களுக்கு இது பொருட்டே இல்லை, பால் காய்ச்சிவிட்டு மெதுவாகக் குடிவருவார்கள். சில குடும்பங்களுக்கு அரைகுறை வீட்டுக்கு உறவினரை அழைப்பது தலைகுனிவு. எது என்று காண்ட்ராக்டர் முடிவு செய்ய முடியாது. ஆகவே இரண்டையும் வைத்துவிட்டு, பதில் வேண்டிய தேதியையும் சொல்கிறார். நவம்பர் 20 என்பதும் வாய்க்கு வந்த தேதி அல்ல. கீழ்வீட்டை முதலில் முடிப்பதானால் டைல்ஸை அந்த வாரமே எடுத்தாக வேண்டும்.

செய்தியில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். நட்ட ஈடு, வாடகையில் பங்கு, அடுத்த தவணைப் பணம் எதுவும் அதில் இல்லை. தாமதச் சேதியின் வாலில் "அப்படியே அந்த மூணு லட்சம் மட்டும் போட்டுவிட்டீங்கன்னா" என்று ஒட்டுவது நம் ஊர்க் காண்ட்ராக்டர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம். அதோடு முன்னால் சொன்ன அத்தனை வருத்தமும் செல்லாக்காசாகிவிடும். தவணை நியாயமாகவே வர வேண்டியதாக இருந்தாலும் அதை வேறு நாளில் கேட்க வேண்டும். வாடகைப் பேச்சு நேர்ப்பேச்சுக்கு உரியது, அடுத்த நாள் தொலைபேசியில் வரட்டும்.

பதிவு செய்வதிலும் சில விஷயங்கள் உண்டு. மிக்ஸர் ஓடும் இடத்தில் நின்று பேசினால் எண்கள் காதில் விழாது. "பன்னிரண்டு" "இருபத்திரண்டு" ஆகிவிடும். கதவைச் சாத்திய காருக்குள் உட்கார்ந்து பேசுவது நல்லது. பதிவை மைக்கிலிருந்து விரலை எடுத்தவுடன் அனுப்பிவிடாமல், பூட்டிப் பேசி, அனுப்பும் முன் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். இந்த வசதியும் நடுவில் நிறுத்தித் தொடரும் வசதியும் வாட்ஸ்அப்பில் உள்ளன. எழுத்துச் செய்தியை அனுப்பிய பின் 15 நிமிடம் வரை திருத்தலாம், குரலைத் திருத்த முடியாது. அழித்துவிட்டு மறுபடி அனுப்பினால் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரியே சந்தேகத்தைக் கிளப்பும். கேட்பவர் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்கக்கூடும் என்பதால் தேதிகளுக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு இடைவெளி விட்டுப் பேச வேண்டும். துண்டு துண்டாக ஆறு செய்தி அனுப்பக் கூடாது. இரண்டாவது துண்டு வருவதற்குள் உரிமையாளர் முதல் துண்டைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டுவிடுவார்.

நேரம் பார்ப்பது முக்கியம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே இரவு எட்டு மணிக்குக் கணக்கு முடித்து அனுப்பினால் அங்கே பத்தரை. அன்றைய தூக்கம் போய்விடும், பேசித் தெளியவும் ஆள் இல்லை. விடுமுறை நாளில் இங்கே காலை எட்டரைக்கு அனுப்பினால் அங்கே பதினொரு மணி. யாருக்கு அனுப்புவது என்பதும் அதே அளவு முக்கியம். பல வீடுகளுக்கு உரிமையாளர், அவர் மனைவி, அப்பா, எஞ்சினியர், எலக்ட்ரீசியன் என எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கெட்ட சேதியை முதலில் அங்கே போடக் கூடாது. பணம் கொடுப்பவர் தன் அப்பாவுக்கு முன்னாலும் எலக்ட்ரீசியனுக்கு முன்னாலும் முதல் முறையாக அதைக் கேட்பது அவமானம். ஆனால் தனியாக அனுப்பிய செய்தி பிறகு குடும்பம் முழுக்கச் சுற்றும் என்பது நிச்சயம். ஆகவே மன்னார்குடியில் இருக்கும் அப்பாவும் சிங்கப்பூரில் இருக்கும் மகனும் கேட்டாலும் ஒரே பொருள் தரும்படிதான் பேச வேண்டும்.

குரலுக்குப் பின்னால் உடனே ஒரு சிறு எழுத்துச் செய்தி போக வேண்டும். அதில் விளக்கம் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும்: ஒப்படைப்பு பிப்ரவரி 28, கீழ்வீடு மட்டும் என்றால் ஜனவரி 25, பதில் நவம்பர் 20-க்குள். உரிமையாளர் நாள் பார்க்கும் ஜோசியரிடமும் விமான டிக்கெட் மாற்றும் இடத்திலும் காட்டப்போவது இதைத்தான்.

செய்தி கேட்கப்பட்டதா என்பது தெரியும். கேட்டவுடன் மைக் குறி நீல நிறமாகும், படித்ததைக் காட்டும் வசதியை ஒருவர் அணைத்து வைத்திருந்தாலும் குரல் செய்திக்கு இது மாறாது. நீலமாகி நான்கு மணி நேரம் பதில் இல்லை என்றால் பதறி அடுத்த குரல் செய்தியை அனுப்பத் தோன்றும். வேண்டாம். அவர் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார். மறுநாள் கூப்பிடுவதாகச் சொன்னபடி கூப்பிட்டால் போதும். கோபமான பதில் வந்தால் அதற்குக் குரலில் பதில் தரக் கூடாது. கோபத்துக்குக் குரல் செய்தியில் பதில் சொல்லத் தொடங்கினால் இருவரும் மாறி மாறி இரண்டு நிமிடச் சொற்பொழிவு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். "கேட்டேன் சார், எப்பக் கூப்பிடட்டும்?" என்று எழுதினால் போதும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 55-ஆவது பிரிவின்படி, நேரம் முக்கியம் என்று வைத்த ஒப்பந்தத்தில் தேதி தவறிய பிறகும் ஒருவர் வேலையை ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே நட்ட ஈடு கேட்பேன் என்று அறிவித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் தாமதத்துக்காகப் பிறகு ஈடு கேட்க முடியாது. உரிமையாளர் "சரி, பரவாயில்லை" என்று திருப்பி அனுப்பும் குரல் செய்திக்கு இப்படியும் ஒரு கனம் இருக்கிறது. வாட்ஸ்அப் குரல் பதிவை நீதிமன்றத்தில் மின்னணு ஆவணமாகத் தாக்கல் செய்யலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழும் உடன் இருக்க வேண்டும். எனவே மன்னிப்புக் கேட்கும் குரல் வழக்கில் தனக்கு எதிராக நிற்குமோ என்று காண்ட்ராக்டர் பயப்படலாம். பத்து நாள் தன் பொறுப்பு என்று ஒப்புக்கொள்வதால் வரும் ஆபத்தைவிட, தேதியைக் கடைசிவரை சொல்லாமல் மறைத்தார் என்று அதே பதிவுகள் காட்டுவது பெரிய ஆபத்து. ஒப்பந்தத்தில் கால நீட்டிப்புக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று விதி இருந்தால், குரல் செய்தி அதற்கு ஈடாகாது; தனியாக ஒரு கடிதம் போக வேண்டும்.

பிப்ரவரி 28-உம் தவறுமானால் இந்த முறை உதவாது. இரண்டாவது முறை தேதி மாறும்போது குரல் செய்தி ஒளிந்துகொள்ளும் இடமாகவே கேட்கும். அப்போது நேரில் போய் நிற்க வேண்டும், தூரம் என்றால் முகம் பார்த்து வீடியோ அழைப்பில் பேச வேண்டும்.